பட்டியலில் ஏன் கையெழுத்திடவில்லை: கல்வி அறக்கட்டளைச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயலர் அண்ணன் அவர்களுக்கும் செயற்குழுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு உதவித்தொகைப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். இன்னும் போடவில்லை. பணம் குடும்பப் புள்ளிக்கு இவ்வளவு என்று ஊரார் கொடுத்தது என்பதால் காரணத்தையும் ஊரறியவே எழுதுகிறேன்.

"கடைசி வரிக் கூட்டுத்தொகையும் வங்கிக்கு அனுப்பப்போகும் தொகையும் ஒத்துப்போகின்றன, பிறகென்ன?" என்று போனில் கேட்டீர்கள். ஒத்துப்போகத்தான் செய்யும் அண்ணே. வங்கிப் பட்டியலே இந்தக் கூட்டுத்தொகைக் கட்டத்திலிருந்து நகலெடுத்ததுதானே. மேலே ஒருவருக்குத் தப்பாக இருந்தால் அதே தப்பு அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கும்.

13, 14 ஆம் வரிசைகளைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் மாதம் 1,500 ரூபாய், 10 மாதம், பிடித்தம் 600, மொத்தம் 9,000. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் 13 ஆம் வரிசைப் பையன் விடுதியில் இருக்கிறான். அவனுக்கு 600 என்பது மாதாமாதம் மெஸ்ஸுக்குப் பிடிப்பது. 1,500இல் 600 போக 900, பத்து மாதத்துக்கு 9,000. சரி. 14 ஆம் வரிசைப் பெண் தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் காரைக்குடிக்குப் போய்வருகிறவள். அவளுக்கு 600 என்பது ஜூனில் புத்தகத்துக்கு வாங்கிய முன்பணம், ஒரே ஒரு தடவை கழிக்க வேண்டியது. 15,000இல் 600 போக 14,400 வர வேண்டும். 5,400 ரூபாய் குறைகிறது.

கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தேன். C மாதத் தொகை, D மாதங்கள், E பிடித்தம். மேல் வரிசையின் `=(C13-E13)*D13` அப்படியே கீழே இழுக்கப்பட்டிருக்கிறது. அவளுக்கு இருக்க வேண்டியது `=C14*D14-E14`. தட்டச்சு செய்த தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். மாதப் பிடித்தத்தையும் ஒருமுறைப் பிடித்தத்தையும் ஒரே பத்தியில் போடச் சொன்னது நாம்தான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார் என்பது நம் பெட்டியடிக் கணக்குப்பிள்ளைகள் சொல்லும் வழி. 5,400உம் ஒன்பதால் வகுபடும், ஆனால் இங்கே எந்த இலக்கமும் மாறவில்லை. ஒரு தடவை கழிக்க வேண்டியதைப் பத்துத் தடவை கழித்தால் கூடுதலாகக் கழிவது பிடித்தத்தின் ஒன்பது மடங்குதான். அந்த வழியில் போயிருந்தால் நாள் முழுக்க இலக்கத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஆகவே பிடித்தத்தை இரண்டு பத்தியாகப் பிரித்துவிடலாம். E மாதப் பிடித்தம், F ஒருமுறைப் பிடித்தம், G மொத்தம். எல்லா வரிசைக்கும் ஒரே சூத்திரம் போதும். கடைசி வரியை, G பத்தியைத் தொடாமல், தனியாகவும் ஒரு தடவை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்:

```
=(C2-E2)*D2-F2
=SUMPRODUCT(C2:C37-E2:E37,D2:D37)-SUM(F2:F37)
```

முதலாவது ஒவ்வொருவருக்கும். இரண்டாவது G பத்தியின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். யாராவது ஒரு கட்டத்தில் சூத்திரத்தை அழித்துவிட்டுத் தொகையைக் கையால் அடித்திருந்தால் இது காட்டிக்கொடுக்கும். ஒருவருக்குக் கூடியதும் இன்னொருவருக்குக் குறைந்ததும் ஒரே அளவாக இருந்தால் மட்டும் தப்பித்துவிடும்.

மாதக் கணக்கு வேறு விஷயம். அதை எந்தச் சூத்திரமும் பிடிக்காது. முழு ஆண்டும் படிப்பவர்களுக்கு 10 என்று கையால் போட்டிருக்கிறார்கள், சரி. கலந்தாய்வு முடிந்து ஆகஸ்டில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சேர்ந்த தேதியையும் மார்ச் 31ஐயும் கொடுத்து `DATEDIF` போட்டிருக்கிறார்கள். அது நிறைந்த மாதங்களை மட்டும் எண்ணும். ஆகஸ்டு 1 முதல் மார்ச் 31 வரை அதற்கு 7 மாதம்தான், ஏப்ரல் 1 வந்தால்தான் எட்டாகும். விரல் விட்டு எண்ணினால் ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை 8. ஆளுக்கு ஒரு மாதத் தொகை போய்விடுகிறது. பெருக்கல், கழித்தல், கூட்டல் எல்லாம் சரியாகவே வந்தும் பணம் குறையும்.

இதற்கு மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒருவர் வாசிக்க ஒருவர் டிக் அடிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நடுவில் படிப்பை விட்டவர்களையும் அப்போதே பார்த்துவிடலாம். அவர்களுக்கு எந்த மாதம் வரை என்பதைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். கடைசியாக வந்த மாதத்துக்கு முழுத்தொகையா, இல்லையா என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இதுவரை அது இல்லை.

இன்னொரு வேண்டுகோள். வங்கிக்குப் போகும் முன் ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் வரியை மட்டும் வாட்ஸப்பில் அனுப்புங்கள். மெஸ்ஸுக்கா, முன்பணத்துக்கா என்பது நம்மைவிட அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். முழுப் பட்டியலை யாருக்கும் அனுப்ப வேண்டாம், யாருக்கு எவ்வளவு என்பது ஊர்ப் பேச்சாகிவிடும்.

திருத்திய பட்டியலோடு சேர்க்கைப் பதிவேட்டையும் கொடுத்தனுப்புங்கள். அன்றைக்கே பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
பட்டியல் சரிபார்ப்பவன்