பேட்டரியின் வோல்ட் அளவு தவறாகக் காட்டுவது குறித்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆரியங்காவிலிருந்து மலையிறங்கி நமது செங்கோட்டைக் கடைக்கு வந்த ஒருவர், சோலார் விளக்குகள் மாலையிலேயே அணைந்துவிடுவதால் புதிய 12 வோல்ட் பேட்டரி வேண்டுமென்று கேட்டார். அவருடைய ஆர்டுயினோ ஊனோ பலகை 11.8 வோல்ட் என்று காட்டி, 11.9-க்குக் கீழே இறங்கியதாகக் கருதி ரிலேயைத் துண்டித்துக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. பிழை பேட்டரியில் இல்லை, நாங்கள் அமைத்துக் கொடுத்த அளவீட்டில்தான் இருந்தது.

30 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் வோல்ட்டை நான்கில் ஒரு பங்காக்கி A0 பின்னுக்குக் கொடுத்திருந்தோம். பலகை தன் மின்வழங்கலையே அளவுகோலாகக் கொண்டு அந்தப் பங்கை எண்ணாக மாற்றுகிறது. கடையில் மடிக்கணினியின் யுஎஸ்பி வழியாக 4.7 வோல்ட்டில் இயங்கியபோது அளவைச் சரிசெய்தோம். வீட்டில் அது பேட்டரியிலிருந்து ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட்டில் இயங்கியது. அளவுகோல் நீண்டதால் எண் குறைந்தது: 12.6 × 4.7 ÷ 5 = 11.84.

ஆகவே இனி, மின்வழங்கலைச் சார்ந்திராத, சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் அளவுகோலைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்குப் பேட்டரியின் பிளஸ் முனைக்கும் A0 பின்னுக்கும் இடையே 150 கிலோ ஓமும், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓமும் வேண்டும். பேட்டரி வோல்ட் பதினாறில் ஒரு பங்காகும். சார்ஜாகும்போது 15 வோல்ட் வந்தாலும் பின்னில் 0.94 வோல்ட்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து பின்னுக்குத் தெரியும் தடை சுமார் 9.4 கிலோ ஓம். இந்த சிப்புக்குப் பரிந்துரைக்கப்படும் 10 கிலோ ஓம் வரம்புக்குள் அது அடங்குகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த மெகா ஓம் ரெசிஸ்டர் போடுவோர் இந்த வரம்பைத் தாண்டுவதால் அளவு நிலைகொள்ளாமல் ஆடும். அதைத் தவிர்க்க விரும்பினால் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 104 என்று அச்சிட்ட கெப்பாசிட்டரை வைக்கலாம். நமது அமைப்பு இழுப்பதோ 0.08 மில்லி ஆம்பியர் மட்டுமே.

ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரையே வாங்குங்கள். ஆயினும் அவை இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் விலகினால் 12.6 வோல்ட்டில் கால் வோல்ட் வரை பிசகலாம். உள் அளவுகோலும் சிப்புக்கு சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறும். இவையனைத்தும் பெருக்கல் பிழைகள் என்பதால் ஒரே முறை சரிபார்த்தால் போதும். பேட்டரி முனையிலேயே மல்டிமீட்டரை வைத்து, அதே நேரத்தில் பலகை தரும் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் 12.62, எண் 734 என்றால் 0.01719 கிடைக்கும். கீழுள்ள நிரலில் அதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைத்த எண்ணைப் போடுங்கள்.

```
analogReference(INTERNAL);
analogRead(A0);   // இதில் வரும் எண்ணைப் பயன்படுத்த வேண்டாம்
delay(10);
float v = analogRead(A0) * 0.01719;
```

அளவுகோலை மாற்றியவுடன் வரும் முதல் எண் நம்பத்தக்கதன்று. AREF பின்னில் எதையும் இணைக்கக் கூடாது. கிரவுண்டு கம்பியை விளக்குச் சுமை ஓடும் கம்பியில் சேர்க்காமல் பேட்டரி முனையிலிருந்தே தனியாக இழுக்கவும். இல்லையேல் விளக்கு எரியும்போது மட்டும் அளவு மாறுவதைக் காண்பீர்கள்.

30, 10 கிலோ ஓம் அமைப்பை எங்களிடம் வாங்கியவர்கள் பலகையைக் கொண்டுவந்தால், ரெசிஸ்டர்களை மாற்றி, உங்கள் பேட்டரியிலேயே இயக்கி, கட்டணமின்றிச் சரிபார்த்துத் தருகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
கடை நிர்வாகத்தினர், செங்கோட்டை