'லேசான தூசி' என்று விற்கப்பட்ட பூஞ்சை லென்ஸ் குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், பயன்படுத்திய கேமராக்கள் விற்பனைப் பிரிவு

பொருள்: நிக்கான் டி7200 கேமராவும் 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸும். பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

தங்கள் விற்பனைக் குறிப்பில் இப்படி இருந்தது: "எஃப் மவுண்ட். லென்ஸுக்குள் லேசான தூசி, பூஞ்சை இல்லை. ஷட்டர் எண்ணிக்கை சுமார் 4,100. சார்ஜர், பேட்டரி, இரு மூடிகள் உண்டு." இதில் மவுண்ட் ஒன்றுதான் சரி. லென்ஸ் பொருந்துகிறது, ஆட்டோஃபோகஸும் வேலை செய்கிறது.

தூசி என்றால் தனித்தனிப் புள்ளிகளாக இருக்கும். நானும் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். இந்த லென்ஸின் அப்பெர்ச்சர் வளையத்தை 1.8-க்குத் திருப்பி, முன்பக்கமிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் கிளை பிரிந்து நடுவை நோக்கிப் படர்ந்திருக்கின்றன. தூசி கிளை விடாது. தாங்கள் வெளியிட்ட படத்தில் இது ஏன் தெரியவில்லை என்பதும் புரிந்தது: அதில் வளையம் 22-ல் பூட்டியிருக்கிறது. கேமராவிலிருந்து கழற்றிய நிலையில் இதழ்கள் மூடிக்கொண்டு ஊசித் துளை அளவே வழிவிடும். பின்னாலுள்ள கண்ணாடியின் ஓரம் எப்படித் தெரியும்? எல்லாப் பழைய லென்ஸையும் இப்படித்தான் படம் எடுக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜன்னலுக்கு எதிரே 1.8-ல் எடுத்த படத்தில் கறுப்பு வெளிறி, முழுப் படத்திலும் புகை படிந்ததுபோல் இருக்கிறது. அதை இணைத்துள்ளேன்.

"ஊதியால் ஊதினால் போய்விடும்" என்று தங்கள் ஊழியர் பதில் எழுதினார். உள்ளே இருப்பதை வெளியிலிருந்து ஊதி என்ன பயன்? இலவசமாகச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னதும் எனக்கு ஏற்புடையதன்று. நாள்பட்ட பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். இழைகளைத் துடைத்தெடுத்தாலும் அந்தத் தடம் போகாது.

ஷட்டர் கணக்கு இதைவிட வேடிக்கை. பெட்டியோடு வந்த மெமரி கார்டில் தங்கள் சோதனைப் படம் DSC_4127 என்ற பெயரில் இருந்தது. 4,100 எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கிவிட்டது. கோப்பு எண் 9999-க்குப் பின் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். இடையில் யாரும் அதை மாற்றியும் வைக்கலாம். உண்மையான எண்ணிக்கை அதே படத்தின் எக்ஸிஃப் தகவலில் பதிவாகியிருக்கிறது: 64,127. இந்த ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது என்பதால் 64,000 குறையன்று. ஆனால் 4,100 என்று நம்பித்தான் அந்த விலை கொடுத்தேன்.

பின்மூடி வரவில்லை. சார்ஜர் வேறு மாடலுக்கானது. பேட்டரி அதில் உட்காரவே இல்லை.

இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, அனுப்பும் செலவு உட்பட முழுத் தொகையையும் தர வேண்டும். பகுதித் தள்ளுபடியை ஏற்க மாட்டேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், இதே படங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன். திரும்பப் பெற்ற லென்ஸை மறுபடி விற்பதானால், குறிப்பில் பூஞ்சை என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், டார்ச் ஒளியில் எடுத்த லென்ஸ் படங்கள், ஜன்னலுக்கு எதிரே எடுத்த படம், DSC_4127 மூலக் கோப்பு