அம்மாவின் பிஸ்கட் டின்

அன்புள்ள சேது,

போன வாரம் மூன்று முறை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. திட்டிக்கொள். போனில் சொன்னால் பாதியிலேயே "பெரிய டாக்டரிடம் காட்டிவிடலாமா?" என்று ஆரம்பிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். என் பெரியவன் கணக்கில் உன்னை மிஞ்சிவிட்டான்: 100-க்கு 19.

அம்மா குளியலறையில் விழுந்ததில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்று அக்கா சொல்லியிருப்பாள். ஏன் விழுந்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தியது. வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். பதினோரு வகை. நான்கு டாக்டர்களின் சீட்டு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான், நானே எழுதியிருப்பேன். எது எப்போது வந்தது என்று அக்காவைக் குடைந்து வரிசைப்படுத்தியதும்தான் விஷயம் பிடிபட்டது.

மூன்று வருடம் முன்பு பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராமை 10 ஆக்கினார்கள். கால் வீங்கியது. அது அந்த மருந்தின் வேலையே. நுண்ணிய ரத்தக்குழாய்களை விரித்துவிடும், நீர் கசிந்து கணுக்காலில் தங்கும். உடம்பில் நீர் கூடிவிட்டது என்று நினைத்து ஃப்ரூஸமைடு 40 சேர்த்தார்கள். இந்த வீக்கம் அதற்கு அவ்வளவாக மசியாது; சிறுநீர்தான் கூடும். காலையில் போட்டால் கோயிலுக்குப் போக முடியவில்லை என்று அம்மா அதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். இரவில் ஐந்து தடவை எழுந்தார்கள். அதை அடக்க சோலிஃபெனாசின். அது சிறுநீர்ப்பையோடு நிற்காது. வாய் வறளும், மலம் கட்டும், வயதானவர்களுக்கு மூளையும் மந்தமாகும். மறதி என்று போன தீபாவளிக்கு டோனெபிசில் வந்தது. மூளையில் ஒரே ரசாயனத்தை ஒன்று தடுக்கிறது, மற்றது கூட்டுகிறது. முன்னால் ஒரு மாடு, பின்னால் ஒரு மாடு பூட்டிய வண்டி! போதாக்குறைக்கு டோனெபிசிலே சிறுநீரை அவசரப்படுத்தக்கூடியது.

படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தேன், 132. எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 104. நடுராத்திரி, தூக்க மாத்திரை மயக்கம், ஈரத்தரை. விழாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் நான் முதலில் கை வைத்தது சர்க்கரை மாத்திரையில். மூன்று மாத சராசரி 6.1 என்று பெருமையாக அனுப்பினாயே, அதைப் பார்த்துத்தான் பயந்தேன். இந்த வயதில், இத்தனை நோயோடு, 7.5 முதல் 8 வரை இருந்தாலே போதும். விடியற்காலையில் வியர்த்து விழிப்பார்களாம். கெட்ட கனவு என்று திருநீறு பூசிப் படுத்துக்கொள்வார்களாம். அது கனவல்ல, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியது. கிரியேட்டினின் 1.1, நார்மல் என்று ரிப்போர்ட் சொல்கிறது. 82 வயது, 48 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 30 மில்லிதான் வடிகட்டுகிறது. அந்த நிலையில் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது. நிறுத்திவிட்டேன், மெட்ஃபார்மின் மட்டும். பன்னிரண்டு நாள் ஆகிறது. வெறும் வயிற்றில் 130, 140. வியர்வை இல்லை.

இனி ஒன்றன்பின் ஒன்றாகத்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம். சேர்த்துக் குறைத்தால் எதனால் என்ன ஆனது என்றே தெரியாது. இதய டாக்டரிடம் பேசிவிட்டேன், நாளை முதல் அம்லோடிபின் 5. வீக்கம் வடிந்ததும் ஃப்ரூஸமைடைக் காலையில் 20 ஆக்கி, பிறகு நிறுத்துவோம். எக்கோ நன்றாக இருக்கிறது, மூச்சு வாங்கவில்லை, அந்தத் தைரியம்தான். இதயம் பலவீனமாக இருந்திருந்தால் அதைத் தொட்டிருக்க மாட்டேன். தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். அதன்பின் சோலிஃபெனாசின். அது போனபிறகு மறதி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டு டோனெபிசிலைப் பற்றி நரம்பு டாக்டரிடம் கேட்கலாம்.

தூக்க மாத்திரை குளோனசெபாம்தான் பெரிய பாடு. ஆறு வருடமாக தினமும் 0.5. சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போவது மட்டுமல்ல, வலிப்பே வரலாம். கால் பங்கு கால் பங்காகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வாரம் நின்று, கடைசிப் படியில் இன்னும் மெதுவாக. மாதக்கணக்கில் ஆகும். அம்மா இப்போதே முறைக்கிறார்கள். நீ போனில் "பாவம், ஒன்று போட்டுக்கொள்ளட்டுமே" என்றால் என் உழைப்பெல்லாம் போச்சு.

இரைப்பையைக் காக்கும் பான்டபிரசோலையும் தூக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஸ்டென்ட்டுக்கு ஆஸ்பிரின் ஓடுகிறதே, இந்த வயதில் இரைப்பையில் ரத்தம் கசிய அது ஒன்றே போதும். அதனால் இரண்டும் இருக்கட்டும்.

அடுத்த முறை வரும்போது அந்த வைட்டமின் டப்பாக்களை வாங்கி வராதே. பேரீச்சம்பழம் வாங்கி வா, அதுவும் எனக்கு.

உன்,
முத்து