ஊற்றுத் தண்ணீர்த் திட்டம்: கணக்கு முடித்த அறிக்கை (செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25)

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். இந்த வருடம் நிர்வாகக் குழு ஒன்பது தடவை கூடியது, சந்தா பாக்கி பெரும்பாலும் வசூலாகிவிட்டது, மரக்கன்று நட்டது பற்றிப் போன கூட்டத்திலேயே பேசிவிட்டோம். அதனால் மீதி இடம் முழுவதையும் ஊற்றுத் தண்ணீர்த் திட்டத்தின் கணக்குக்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு காரணம் இருக்கிறது. பிப்ரவரி 28-ஆம் தேதி திட்டம் முடிந்தபோது திட்டத்துக்கான பாஸ்புக்கில் 22,850 ரூபாய் இருந்தது. அதைப் பார்த்த பலர், "இவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கீங்களே, சமுதாயக்கூடத்துக்கு நாற்காலி வாங்கலாமே" என்று சொன்னார்கள். அந்தப் பணம் நம் பணம் இல்லை. அது மிச்சமும் இல்லை.

நிதி கொடுத்த அறக்கட்டளை ஒப்புதல் தந்த தொகை 6,00,000 ரூபாய். ஊற்றுக்கண்ணில் கட்டும் தொட்டிக்கு 1,50,000, குழாய்க்கு 1,80,000, சேமிப்புத் தொட்டிக்கும் ஆறு தெருக்குழாய் மேடைகளுக்கும் சேர்த்து 1,10,000, குழி வெட்டிக் குழாய் பதிக்கும் கூலி 90,000, வண்டி வாடகையும் சுமைகூலியும் 40,000, எதிர்பாராத செலவுக்கு 30,000. உண்மையில் ஆன செலவு மொத்தம் 5,87,600. ஆக, 12,400 ரூபாய் குறைவு. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல கணக்குதான், ஆனால் தலைப்பு தலைப்பாகப் பிரித்தால் கதை வேறு.

ஊற்றுத் தொட்டியில் 4,000 ரூபாய் குறைந்தது, அங்கேயே கிடைத்த கல்லைப் பயன்படுத்தியதால். இது உண்மையான மிச்சம். குழாயில் 8,100 ரூபாய் கூடிவிட்டது, 1,88,100 ஆனது. இதைக் கூடுதல் செலவு என்று ஒரே வரியில் எழுதினால் நம் கொள்முதல் குழுவுக்கு அநியாயம். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, மீட்டர் 180 ரூபாய் என்று போட்டிருந்த 63 மில்லிமீட்டர் குழாயை வரி உட்பட 165-க்கு வாங்கினார்கள். ஆனால் 1,000 மீட்டர் என்று நினைத்தது 1,140 மீட்டர் ஆகிவிட்டது, ஏனென்றால் ஓடைக்கு மேலே காட்டெருமை இறங்கும் தடத்தை விட்டு, தேயிலைக் காட்டின் ஓரமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. கூடுதல் 140 மீட்டருக்குப் பழைய விலையில் 25,200 ரூபாய் ஏறியது, விலை குறைந்ததில் 17,100 ரூபாய் இறங்கியது, வித்தியாசம்தான் அந்த 8,100. ஏறியதற்குக் காரணம் அளவு, விலை இல்லை. முதலில் நாடா பிடித்து அளந்தபோதே அந்தத் தடத்தில் நடந்து பார்த்திருந்தால் இது பட்ஜெட்டிலேயே வந்திருக்கும்.

அந்தக் கூடுதல் 140 மீட்டருக்குக் குழி வெட்டியது நம் ஊர் ஆட்கள், கூலி வாங்கவில்லை. அதன் மதிப்பு, மீட்டர் 90 ரூபாய் கணக்கில், 12,600. இதைச் செலவில் சேர்க்காமல் தனியாக உழைப்புப் பங்களிப்பு என்று காட்டியிருக்கிறோம். பணம் கைமாறாததைச் செலவில் எழுதினால் வங்கிக் கணக்கோடு ஒருநாளும் ஒத்துப்போகாது.

அப்புறம் சுமைகூலி. 40,000 போட்டோம், 67,500 ஆனது. தளம் வரை பிக்கப் வண்டி போகும் என்ற நினைப்பில் போட்ட தொகை அது. நம் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கொட்டும் என்று தெரிந்தும் வேலையை நவம்பரில் வைத்தோம். மண் சரிந்து பாதை மூட, வண்டி 600 மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த எம்-சாண்ட், ஜல்லி, சிமெண்ட் எல்லாம் அங்கிருந்து தலைச்சுமையாக இறங்கியது. 50 ஆள்கூலி, ஆளுக்கு 550 ரூபாய், அதுவே 27,500.

செலவு ஆனதில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில். எந்தத் தலைப்பிலும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் அறக்கட்டளையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. குழாய் அந்த வரம்புக்குள் வந்துவிட்டது, சுமைகூலி கிட்டத்தட்ட 69 சதவீதம் கூடிவிட்டது. நாங்கள் வேலை முடிந்த பிறகுதான் கடிதம் எழுதினோம். இது செயலாளராக என் பொறுப்பு, நான்தான் எழுதியிருக்க வேண்டும். சரிந்த பாதையின் படங்களையும் வருகைப்பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே, எதிர்பாராத செலவுத் தொகையிலிருந்து 27,500-ஐ ஈடுகட்ட ஒப்புக்கொண்டார்கள். மறுத்திருந்தால் சங்கம்தான் கட்டியிருக்க வேண்டும்.

வருகைப்பதிவேட்டில் இன்னொரு சிக்கலும் வந்தது. மழையில் நனைந்து ஒட்டிப்போன நோட்டு, சில பக்கங்களில் மை கரைந்து கைநாட்டு மட்டும் தெரிந்தது. கணக்கு முடிக்கும்போது ரொக்கப் புத்தகத்தில் இருப்பு மைனஸ் 2,750 என்று வந்தது. கையில் இல்லாத பணத்தை யாரும் செலவு செய்ய முடியாது, அதனால் எங்கோ ஒரு செலவு இரண்டு முறை ஏறியிருக்கிறது என்று தெரிந்தது. பொருளாளர் அண்ணன் இரண்டு இரவு உட்கார்ந்து வவுச்சர் எண்களை வரிசையாக ஒத்துப் பார்த்தார். ஐந்து பேருக்குக் கொடுத்த ஒரு நாள் கூலி, சுமைகூலியிலும் குழி வெட்டிய கூலியிலும் ஒரே வவுச்சர் எண்ணோடு இருந்தது. குழிக்கூலியிலிருந்து அதை அடித்ததும் 92,750 என்றிருந்தது 90,000 ஆனது, ரொக்கமும் பூஜ்யத்துக்கு வந்தது.

இனி முக்கியமான விஷயம். தொட்டி, தெருக்குழாய்த் தலைப்பில் செலவு 96,000 மட்டுமே, 14,000 குறைவு. அது சிக்கனம் இல்லை. ஆறு மேடையில் ஐந்துதான் கட்டினோம். பள்ளி முனையில் வரவேண்டிய ஆறாவது மேடைக்கு நிலக்காரரின் சம்மதக் கடிதம் திட்டத் தேதிக்குள் வரவில்லை. அந்த மேடையையும் கட்டியிருந்தால் மொத்தச் செலவு 6,01,600 ஆகி, 1,600 ரூபாய் தாண்டியிருப்போம். செய்யாத வேலையை மிச்சம் என்று சொல்லக்கூடாது என்பதால், அறிக்கையில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே "வேலை நடக்கவில்லை" என்று எழுதிவிட்டோம்.

சரி, பாஸ்புக்கில் இருந்த 22,850 யாருடையது? 7,300 ரூபாய் ஊற்றுத் தொட்டி கட்டிய மேஸ்திரியுடையது. அவருடைய பில் 1,46,000-இல் ஐந்து சதவீதத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம், ஆறு மாதத்தில் கசிவு எதுவும் இல்லையென்றால் ஆகஸ்ட் கடைசியில் கொடுத்துவிட வேண்டும். கையை விட்டுப் போகவில்லை என்றாலும் அது ஏற்கெனவே ஆன செலவு, 5,87,600-க்குள் அடங்கியதுதான். 3,150 ரூபாய் வங்கி வட்டி, ஒப்பந்தப்படி அது நிதி தந்தவர்களுக்கே போகும். மீதி 12,400 செலவாகாத தொகை. ஆக வட்டியும் சேர்த்து 15,550 ரூபாய்க்குக் காசோலை எழுதி, தணிக்கையாளர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழோடு ஏப்ரலில் அனுப்பிவிட்டோம். ரசீது வந்து கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பள்ளி முனை நிலக்காரர் இப்போது கடிதம் கொடுத்துவிட்டார். திட்டத் தேதி முடிந்த பிறகு ஆகும் செலவை அந்த நிதியில் எழுத முடியாது, அதனால் ஆறாவது மேடையைச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து 14,000 ரூபாய்க்குள் கட்டுவதற்கு இந்தக் கூட்டம் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மணலும் சிமெண்டும் மழைக்கு முன்னால் இறங்கியாக வேண்டும், பாதை இப்போது காய்ந்து கிடக்கிறது.