அந்த ராத்திரி டியூட்டி டாக்டருக்கு

போன மாதம் ஒரு ராத்திரி, தலைவலி என்று என் அக்காவை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிவந்தோம். பணியில் இருந்த இளம் டாக்டரே, உங்கள் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

எங்களுக்கு அது வெறும் ஒற்றைத் தலைவலி. காலையில் துணி உலர்த்தும்போது வந்தது, மாத்திரை போட்டோம், கேட்கவில்லை. நீங்கள்தான், "வலி உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆச்சும்மா?" என்று கேட்டீர்கள். "சட்டுன்னு, யாரோ பின்மண்டையில அடிச்ச மாதிரி" என்றாள். உங்கள் முகம் மாறிவிட்டது. கண்ணில் டார்ச் அடித்தீர்கள், கை கால் பலம் பார்த்தீர்கள், தாடையை நெஞ்சில் தொடச் சொன்னீர்கள். கழுத்து மடங்கவில்லை.

சிடி ஸ்கேன் நார்மல் என்றதும் நான் செருப்பைத் தேடினேன். "வலி வந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தால் நம்பலாம். 14 மணி நேரம் ஆகிவிட்டது, மூளையைச் சுற்றி லேசான ரத்தக் கசிவு இருந்தால் ஸ்கேனில் தெரியாமல் போகலாம்" என்று உட்கார்ந்து விளக்கினீர்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கவேண்டும் என்றதும் நான் கத்திவிட்டேன், மன்னியுங்கள். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கவேண்டிய நீர், லேபில் சுழற்றிய பிறகும் மஞ்சளாகவே இருந்ததாம். பழைய ரத்தம். அப்புறம் சாயம் செலுத்தி எடுத்த ஸ்கேனில் மூளை ரத்தக்குழாயில் சின்னப் புடைப்பு தெரிந்தது. மறுநாள் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, அதைக் கம்பிச்சுருளால் அடைத்தார்கள்.

மூளைக்கு ரத்த ஓட்டம் குறையாமலிருக்க நிமோடிபின் மாத்திரை, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். ராத்திரியெல்லாம் அலாரம் வைத்துக் கொடுத்தோம். நேற்றோடு முடிந்தது. ரொம்ப நன்றி டாக்டர்.