லாரி லாரியாகவே இருக்கட்டும்

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

அன்புள்ள நண்பா,

கடிதமும் கதையும் வந்து சேர்ந்தன. உனக்கு முட்டிவலி குறைந்திருப்பது நிம்மதி. இங்கே காய் வரத்து மும்முரம். மாங்கூழ் ஆலைப் பக்கம் போகிற லாரிகளால் பகலெல்லாம் ரோட்டைக் கடக்க முடியவில்லை. உன் கதையும் ஆலை வாசலில்தான் தொடங்குகிறது என்பதால் இரண்டு முறை படித்தேன்.

முதல் முறை அனுப்பியபோது இப்படி எழுதியிருந்தாய்: “மார்னிங்கே ஃபேக்டரி கேட்டில் லோடோடு வெயிட் பண்ணினார் அப்பா. ரேட் டவுன் ஆகிவிட்டது, டிமாண்டே இல்லை என்று ஏஜென்ட் சொன்னதும் டென்ஷனாகிவிட்டார்.” இலக்கியப் பக்கத்துக்கு இத்தனை ஆங்கிலம் வேண்டாமே என்றேன். இப்போது வந்திருப்பது இது: “காலையிலேயே தொழிற்சாலை நுழைவாயிலில் சரக்குச் சுமையுடன் காத்திருந்தார் தந்தை. விலை வீழ்ச்சியுற்றது, தேவைப்பாடு இல்லை என்று முகவர் கூறியதும் மன அழுத்தத்திற்கு ஆளானார்.” ஆங்கிலம் போய்விட்டது, கூடவே அப்பாவும் போய்விட்டார். அப்பாவைத் தந்தையாக்கச் சொன்னது யார்? அது முதலிலேயே தமிழ்தானே!

நீ அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறாய். விறைப்பு அங்கேதான் வருகிறது. நான் வேறு வழியில் போவேன். முதலில் ‘பண்ணு’, ‘ஆகு’ இரண்டும் ஒட்டிய இடங்களைத் தேடுவேன். வெயிட் பண்ணு, டவுன் ஆகு, டென்ஷனாகு என்பவை வினைகள். வாக்கியத்தின் நடை வினையில் இருப்பதால், அவற்றை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். வெயிட் பண்ணினார் என்பதற்குக் காத்திருந்தார் போதும். விடியற்காலை முதல் நின்றவர் என்றால் ‘காத்துக் கிடந்தார்’ இன்னும் சரி. விலை இறங்கும், வீழ்ச்சியுறாது. டிமாண்ட் இல்லை என்பதை நம் சந்தையில் எப்படிச் சொல்வார்கள்? “கேட்பாரில்லை.” அதில் டிமாண்டுக்கு ஈடான பெயர்ச்சொல்லே இல்லை, பார். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குத் தமிழிலும் ஒரு பெயர்ச்சொல்லைத்தான் வைக்கவேண்டும் என்று நினைத்ததால்தான் ‘தேவைப்பாடு’ வந்து உட்கார்ந்தது.

பொருள்களின் பெயரில் இவ்வளவு கெடுபிடி வேண்டாம். லாரி லாரியாகவே இருக்கட்டும். லாரிக்காரர், லாரிகள் என்று தமிழ் விகுதியெல்லாம் ஏற்றுப் பிழைத்துவிட்ட சொல் அது. ஜன்னலும் சாவியும் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தவை என்று இன்று யாருக்கு உறுத்துகிறது? ஆனால் ஃபேக்டரிக்கு நம்மிடம் ஆலை இருக்கிறது. பாலக்கோட்டில் இருப்பதைச் சர்க்கரை ஆலை என்றுதானே சொல்கிறோம்? தொழிற்சாலை தப்பில்லை, அந்த வாக்கியத்துக்கு நீளம். ஏஜென்ட்டை முகவர் ஆக்கியதும் அவர் இன்ஷூரன்ஸ் ஆள் மாதிரி ஆகிவிட்டார். மாங்காய்க்கு நடுவே நிற்பவர் தரகர்.

டென்ஷன்தான் கஷ்டமான இடம். அந்த ஒரு சொல்லுக்குள் எரிச்சல், பதற்றம், படபடப்பு, அவமானம் எல்லாம் ஒளிந்துகொள்ளும். எது என்று எழுதுகிறவர் முடிவு செய்யாமலே தப்பிக்கவும் அது இடம் கொடுக்கும். மன அழுத்தம் டாக்டர் வாயில் வரவேண்டிய சொல். உன் அப்பா அந்த வாசலில் கோபப்பட்டாரா, பயந்தாரா? எனக்குத் தெரிந்து அவர் மற்றவர் முன்னால் எதையும் காட்டமாட்டார். அப்படியானால் உணர்ச்சியின் பெயரே வேண்டாம், கை செய்ததை எழுது. நான் எழுதிப் பார்த்தது:

“விடியுமுன்பே காயோடு வந்து மாங்கூழ் ஆலை வாசலில் காத்துக் கிடந்தார் அப்பா. விலை இறங்கிவிட்டது, பெங்களூரா மாங்காயைக் கேட்பாரில்லை என்றார் தரகர். அப்பா துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.”

லோடு எங்கே போனது என்று தேடுவாய். ‘காயோடு’ என்பதிலேயே அது இருக்கிறது. சில சொல்லுக்கு மாற்றே தேவையில்லை, எடுத்துவிட்டால் போதும்.

மூன்றாம் பக்கத்தில் அட்வான்ஸை முன்பணம் என்று மாற்றியிருக்கிறாய். பூப்பூக்கும்போதே தோப்பைப் பேசி முடித்து, வேறு யாருக்கும் விடக்கூடாது என்று வியாபாரி கொடுத்த பணம் அது. அதற்கு அச்சாரம் என்பதே பொருத்தம். மொத்தத் தொகையில் ஒரு பகுதியை முன்னாலேயே கொடுப்பதுதான் முன்பணம். ஆனால் அடுத்த வரியில் வியாபாரியே பேசுகிறார். அங்கே அவர் “அட்வான்ஸ் வாங்கிட்டீங்கல்ல” என்றுதான் சொல்வார். பேச்சில் கைவைக்காதே, கதை சொல்கிற குரலை மட்டும் திருத்து.

திருத்தி முடித்ததும் வீட்டில் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல். உனக்குக் கதை மனப்பாடம், நீ படித்தால் இடறாது. அவர்கள் எங்கே நின்று மறுபடி தொடங்குகிறார்களோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடு. கோடு விழுந்த வரிகளை மட்டும் எனக்கு அனுப்பு, போதும்.

ஞாயிற்றுக்கிழமை தருமபுரி பஸ்ஸில் ஒரு கூடை செந்தூரா போட்டுவிடுகிறேன். அடியில் இருப்பது இன்னும் பழுக்கவில்லை, வைக்கோலில் வை.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்