யாத்திராகமம் 3:14: ‘இருப்பேன்’ என்ற சொல்லுக்கு இடம் கொடுங்கள்

தமிழ் வேதாகமத்தைத் திருத்தி மொழிபெயர்க்கும் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த திருத்தத்தில் ஒரே ஒரு வசனத்தை நீங்கள் மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன். எரிகிற முட்செடியின் நடுவிலிருந்து தேவன் மோசேக்குத் தம் பெயரைச் சொல்லும் யாத்திராகமம் 3:14 அது. பழைய மொழிபெயர்ப்பில் ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்று நாம் மனப்பாடமாகவே வைத்திருக்கிற வரி.

எபிரெயத்தில் அது மூன்றே சொற்கள்: ‘எஹ்யே அஷேர் எஹ்யே’. எஹ்யே என்பது ‘இரு’ என்ற வினையின் தன்மை ஒருமை வடிவம். முடியாத, தொடர்கிற அல்லது இனி வரும் செயலைச் சொல்லும் வடிவம் அது. ‘நான் இன்னார்’ என்று சும்மா சொல்ல எபிரெயத்துக்கு வினையே வேண்டாம். ‘நான் மோசே’ என்று தமிழில் சொல்கிறோமே, அதே மாதிரிதான். அப்படியிருக்க இங்கே ஒரு வினையை எடுத்து இரண்டு தரம் சொல்வதால், அந்த வினைக்குக் கனம் இருக்கிறது.

இப்போது இரண்டு வசனம் மேலே போங்கள். ‘பார்வோனிடத்துக்குப் போக நான் எம்மாத்திரம்?’ என்று மோசே தயங்குகிறார். அதற்கு 3:12-இல் வரும் பதில் ‘நான் உன்னோடே இருப்பேன்’. அந்த ‘இருப்பேன்’ எபிரெயத்தில் இதே எஹ்யேதான். 4:12-இல் ‘நான் உன் வாயோடே இருந்து’ என்ற இடத்திலும் அதே சொல்தான். எபிரெயத்தில் கேட்பவருக்கு முதலில் வாக்குறுதி, அடுத்து அதே சொல் பெயராக, அப்புறம் மறுபடி வாக்குறுதி என்று வரிசையாகக் காதில் விழும். நம்முடைய வேதாகமத்தில் 12-ஆம் வசனம் ‘இருப்பேன்’, 14-ஆம் வசனம் ‘இருக்கிறேன்’. அந்தத் தொடர்பு நமக்குத் தெரியாமலே போகிறது. என் வருத்தமெல்லாம் இதுதான்.

‘இருக்கிறேன்’ தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. கிறிஸ்துவுக்கு முன்பே செப்துவஜிந்தா என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘இருக்கிறவர் நானே’ என்ற பொருளில் பெயர்த்துவிட்டது. லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவும் நிகழ்காலத்தையே எடுத்தது. ‘என்றும் மாறாமல் இருப்பவர்’ என்ற சிந்தனை இந்த வழியில்தான் வளர்ந்தது. ஆனால் பழைய மொழிபெயர்ப்பாளர்களான ஆக்கில்லாவும் தெயொதோத்தியோனும் கிரேக்கத்திலேயே எதிர்காலத்தில் பெயர்த்தார்கள். லூத்தரும் ஜெர்மனில் ‘இருப்பேன்’ என்றே எழுதினார். யூத உரையாசிரியர் ராஷி, ‘இந்தத் துன்பத்தில் அவர்களோடு இருப்பேன், இனி வரும் அடிமைத்தனத்திலும் அவர்களோடு இருப்பேன்’ என்று விளக்கம் தருகிறார். அவர் காதில் 12-ஆம் வசனம் ஒலித்திருக்கிறது.

‘இருப்பேன்’ என்று போட்டால், இப்போது இல்லை என்று ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சிக்கல் உண்டு. தமிழில் அவ்வளவு இல்லை. ‘அப்பா காலையில் தோட்டத்தில் இருப்பார்’ என்றால் நாளைக்கு மட்டும் என்றா பொருள்? வழக்கமாக, எப்போதும் என்பதும் அதில் அடக்கம். எஹ்யேவின் அகலத்துக்கு நம் எதிர்காலம் நன்றாகவே பொருந்துகிறது.

யோவான் 8:58-இல் இயேசு சொல்லும் ‘நான் இருக்கிறேன்’ என்ன ஆகும் என்பது இன்னும் கடினமான கேள்வி. பலருக்கு அந்த ஒப்புமை விசுவாசத்தோடு கலந்தது. அதனால்தான் பழைய வரியை எடுத்தெறியச் சொல்லவில்லை. இரண்டில் ஒன்று மேலே இருக்கட்டும், மற்றது அடிக்குறிப்பில் இருக்கட்டும்.

வாக்கிய அமைப்பையும் பாருங்கள். ‘இருக்கிறவராக’ என்பது படர்க்கை; மூலத்தில் இரண்டு வினையும் தன்மை. இதே அச்சில் வார்த்த இன்னொரு வாக்கியம் 33:19-இல் இருக்கிறது. அங்கே பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ‘எவன்மேல் கிருபையாயிருக்கச் சித்தமாயிருப்பேனோ, அவன்மேல் கிருபையாயிருப்பேன்’ என்று அழகாக ‘ஓ’ போட்டுப் பெயர்த்தார்கள். அந்த வழியிலேயே போனால் 3:14, ‘எவராக இருப்பேனோ அவராக இருப்பேன்’ என்று வரும். நான் யார் என்பதை நீ முன்கூட்டியே கட்டிவைக்க முடியாது, கூடவே வந்து பார் என்கிற தொனியும் இதில் கிடைக்கிறது. ‘அஷேர்’ என்ற சொல் யார், எது, எப்படி என்று எல்லாவற்றுக்கும் இடம் தருவதால், ‘எப்படி இருப்பேனோ அப்படி இருப்பேன்’ என்பதும் சரியே.

வசனத்தின் பின்பாதியை ‘இருப்பேன் என்பவர் என்னை உங்களிடத்துக்கு அனுப்பினார்’ என்று பெயர்க்கலாம். ஓசியா 1:9-இன் முடிவில் எபிரெயம் ‘லோ எஹ்யே லாகெம்’, அதாவது ‘உங்களுக்கு நான் இருக்கமாட்டேன்’ என்று இந்தப் பெயரையே மறுக்கிற மாதிரி நிற்கிறது. அங்கேயும் 3:14-க்கு ஓர் ஒத்துவாக்கியக் குறிப்பைப் போடுங்கள்.

அன்புடன்,
வேதாகம வாசகன் ஒருவன்